பன்னிரண்டு முகங்களுக்குப் பக்கத்தில் கிறிஸ்ரினா

சில்வெஸ்டர் எதையும் எறிகிறவர் அல்ல. 1989இல் பெர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கிய நாள் தொடக்கம் ஜெர்மன் அரசு அவருக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் பதினொரு ஓர்ட்னர் கோப்புகளில் துளை போட்டு, ஆண்டு வாரியாக அடுக்கப்பட்டு, எசன் நகரில் உள்ள அவருடைய வீட்டு அலுமாரியில் நிற்கின்றன. 1994இல் நிராகரிக்கப்பட்ட அந்திராக் விண்ணப்பத்தின் மூன்றாம் பிரதி வேண்டுமென்றால், தேநீர் ஆறுவதற்குள் எடுத்துத் தருவார். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை.

இப்படிப்பட்ட மனிதர்தான், ஊரவர் நம்பிக் கொடுத்த ஒரே ஒரு வகைப் பொருளை ஒன்றுவிடாமல் அழித்தார். அதையும் கவனமாக, மரியாதையோடு, சாட்சி வைத்து அழித்தார்.

மன்னார் பேசாலையில் பிறந்தவர். எசனில் இருபத்தாறு வருடம் ஓர் ஆஸ்பத்திரிச் சலவைச்சாலையில் வேலை செய்தார். சனி ஞாயிறுகளில் படம் செய்தார். படம் எடுக்கவில்லை, செய்தார். அந்த வித்தியாசத்தை அவரே வலியுறுத்துவார். முப்பத்தோராம் நாள் அஞ்சலிப் பிரசுரங்களுக்கு இறந்தவர்களின் முகங்களைத் திருத்திக் கொடுப்பது அவருடைய வேலை. சேட்டுக்கு மேல் கோட்டு வரும். பின்னால் நின்ற சமையலறை மறைந்து நீல வானம் வரும். செத்தபிறகு கோட்டுப் போடாத தமிழன் ஐரோப்பாவில் இல்லை.

2014இல் எங்கள் தமிழ்க் கத்தோலிக்க சபையைச் சேர்ந்த யோசவ் மாஸ்டர் இறந்தபோது அவருடைய கடைசிப் படமாக இருந்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் குழாயோடு எடுத்தது. சில்வெஸ்டர் குழாயை எடுத்தார். கழுத்துக்கு ஒரு கொலர் கொடுத்தார். பிறகு முழுப் படத்தையும் எண்ணெய் ஓவியம் போல மாற்றி, கன்வஸில் அச்சடித்துக் கொண்டுவந்தார். பங்கு மண்டபத்தில் அதைத் திறந்தபோது எல்லாரும் கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தார்கள். யோசவ் மாஸ்டர் ஏதோ கோவிலில் நூறு வருடமாகத் தொங்கியவர் போல இருந்தார்.

மாஸ்டரின் மனைவி ஒன்று மட்டும் கேட்டார். “தம்பி, அந்த ஆஸ்பத்திரிப் படம் இனி ஒருத்தற்றை கண்ணிலையும் படக்கூடாது.”

சில்வெஸ்டர் லப்டொப்பைத் திறந்து, அவருக்கு முன்னாலேயே மூலப்படத்தை அழித்தார். குப்பைத் தொட்டியையும் காலி செய்து காட்டினார். அந்த அம்மா அழுது, கும்பிட்டு, போனார். அன்று தொடங்கியது வழக்கம். மண்டபத்தின் நீளச் சுவரில், சபைக்கு உழைத்து இறந்தவர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். கெவலார் மாதா யாத்திரைக்கு பஸ் ஒழுங்கு செய்தவர், பாட்டுக்குழுவை நடத்தியவர், தேநீர் ஊற்றியவர் என எட்டு வருடத்தில் பன்னிரண்டு பேர். படம் கொடுத்தவுடன் மூலத்தை அழிப்பது சில்வெஸ்டரின் கடைசி மரியாதை. குழாய் இல்லாத, நோய் இல்லாத, கலியாண வீட்டில் சிரித்துக்கொண்டு நின்ற படங்களையும் அழித்தார். ஒருவருக்குச் செய்து மற்றவருக்குச் செய்யாவிட்டால் கதை வந்துவிடும்.

அந்த ஓவியத் தோற்றத்தை எப்படிக் கொண்டுவருகிறார் என்பதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. டோர்ட்முண்டில் இதே வேலை செய்யும் சஞ்சயன் ஒருமுறை நேரடியாகவே கேட்டார்.

“அண்ணை, படத்தை ஓவியமாக்கிற பில்டருக்கு என்ன நம்பர் வைக்கிறியள்?”

“நம்பரோ? அது கைப்பழக்கம்.”

“ஒரு துண்டிலையாவது எழுதி வைச்சிருப்பியள்தானே?”

“எழுதினால் நீர் வாசிச்சுப்போடுவீர்.”

எழுதவே இல்லை. தூரிகையின் அகலம், நிறத்தின் சூடு, நிழலின் ஆழம் எல்லாம் ஒவ்வொரு முறையும் திரையில் கண்ணால் பார்த்து இழுத்து வைத்தவை. முடிந்ததும் படத்தின் அடுக்குகளான லேயர்களை ஒன்றாக்கி, அதே பெயரில், அதே கோப்பின் மேலேயே சேமித்தார். இடம் மிச்சம். இரகசியத்தை உலகத்திடமிருந்து முழுமையாகக் காப்பாற்றினார். அந்த உலகத்தில் தானும் ஒருவர் என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

2023இல் லப்டொப் பழுதானது. தனியார் தகவல்களைப் பாதுகாப்பது பற்றி அவர் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி பார்த்திருந்தார். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, அதில் நான்கு ஓட்டை துளைத்து, நேரம் குறித்து டெர்மின் எடுத்துக்கொண்டு போய் நகரசபையின் மீள்சுழற்சி நிலையத்தில் கொடுத்தார். ரசீதும் வாங்கினார். அது பதினோராவது ஓர்ட்னரில் இருக்கிறது.

இந்த வருடம் பெப்ரவரியில் அவருடைய மனைவி கிறிஸ்ரினா இறந்தார்.

இருபத்திரண்டு வருடம் அந்த மண்டபக் கதவின் திறப்பு கிறிஸ்ரினாவிடம் இருந்தது. செபமாலையைத் தொடங்கி வைப்பவர், கதிரைகளை அடுக்குபவர், கடைசியாக வெளிச்சத்தை நிறுத்துபவர் எல்லாம் அவர்தான். சபை ஒரே குரலில் தீர்மானித்தது, பதின்மூன்றாவது படம் கிறிஸ்ரினாவுடையது. எங்கள் சபை ஒரே குரலில் எதையும் தீர்மானித்ததாக அதற்கு முன் நினைவில்லை. நவம்பர் இரண்டாம் தேதி, சகல ஆத்துமாக்களின் திருநாள், இந்த முறை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அன்று பூசைக்குப் பிறகு படத்தைத் திறப்பதென்று முடிவு.

சில்வெஸ்டருக்கு வேறு ஆசை இல்லை. மற்றப் பன்னிரண்டு பேரோடும் ஒரே வரிசையில், ஒரே தோற்றத்தில், ஒரே ஓவியக்காரன் கீறியதுபோல கிறிஸ்ரினா நிற்கவேண்டும். ஓவியக்காரன் தான்தானே, இதில் என்ன கஷ்டம் என்று ஓகஸ்ட் மாதம் உட்கார்ந்தார்.

மூன்று கிழமை தனியாக உட்கார்ந்தார். நாலாவது கிழமை மகளைக் கூப்பிட்டார்.

லவினியா ஓர் அச்சகத்தில் வடிவமைப்பாளர், அந்தத் தொழிலிலேயே அவுஸ்பில்டுங் பயிற்சி முடித்தவர். தகப்பனின் வேலைமுறை பிழை என்று பத்து வருடமாகச் சொல்லி வந்தவர். சொன்னது சரியாய்ப் போகும்போது வருகிற சந்தோசம் இந்த முறை அவருக்கு வரவில்லை.

“அப்பா, பழைய பில்டர் எங்கை?”

“அது பழைய லப்டொப்போடை வந்தது. புதுசு அதை எடுக்குதில்லை.”

“செய்த கொம்பனியிட்டைக் கேட்டியளோ?”

“கொம்பனியே இப்ப இல்லையாம்.”

“சரி. லேயரோடை ஒரு பைலாவது? ஒண்டே ஒண்டு?”

“எல்லாத்தையும் சேர்த்துத்தானே சேவ் பண்ணினனான்.”

“ஒரிஜினல்?”

சில்வெஸ்டர் அலுமாரியில் சரிந்து நின்ற ஓர்ட்னர் ஒன்றை நிமிர்த்தி வைத்தார்.

“அப்பா, தொண்ணூற்றி நாலாம் ஆண்டு காஸ் பில் வைச்சிருக்கிறியள்!”

“அது அரசாங்கம் கேக்கும், பிள்ளை.”

லவினியா சண்டை பிடிக்காமல் வேலையைத் தொடங்கினார். கிறிஸ்ரினாவின் படம் லவினியாவின் கைபேசியில் இருந்தது. கெவலாரில் குடையோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்தபடி நிற்கிற படம். கணினியில் மூன்று கோப்புறைகள் திறந்தார். முதலாவதில் மூலப்படம், யாரும் தொடாமல், வாசிக்க மட்டும் முடிகிற மாதிரி. இரண்டாவதில் லேயர்களோடு வேலைக்கோப்பு. பில்டரைக்கூடத் திரும்பத் திறந்து எண்ணை மாற்றக்கூடிய வகையில். மூன்றாவதில் அச்சுக்குப் போகிற பிரதிகள், தேதியும் இலக்கமும் போட்டு. கூடவே ஓர் எழுத்துக்கோப்பு. அதில் ஒவ்வொரு பரிசோதனைக்கும் என்ன பில்டர், எந்த வரிசையில், எவ்வளவு, படம் எத்தனை பிக்சல் அகலம் என்று எழுதினார். இதெல்லாவற்றையும் வெளியே ஒரு டிஸ்கிலும் நகல் எடுத்தார்.

சில்வெஸ்டர் பின்னால் நின்று பார்த்தார். “பிக்சல் என்னத்துக்கு எழுதிறாய்?”

“தூரிகை அகலத்தை அது பிக்சலிலைதான் கணக்குப் பார்க்குது. சின்னப் படத்திலை எட்டு வைச்சால் முகமெல்லாம் பட்டை பட்டையா வரும். பெரிய படத்திலை அதே எட்டு மயிர் மாதிரி. நம்பர் மட்டும் தெரிஞ்சு காணாது.”

“அப்ப நான் நம்பர் எழுதியிருந்தாலும் பிரயோசனம் இல்லை.”

“அப்பிடி நினைச்சுச் சந்தோசப்படாதேங்கோ.”

ஒரு சனிக்கிழமை பகல் இரண்டு பேரும் மண்டபத்துக்குப் போனார்கள். லவினியா அடிமட்டத்தை வைத்துப் பன்னிரண்டு கன்வஸையும் ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, கன்னத்தில் தூரிகைக் கோடு எத்தனை மில்லிமீற்றர் என்று அளந்தார். அப்போதுதான் தெரியவந்தது, அந்தப் பன்னிரண்டும் ஒன்றுபோல இல்லை. யோசவ் மாஸ்டரில் நாலு மில்லிமீற்றர். பஸ் ஒழுங்கு செய்தவரில் இரண்டு. ஒருவர் மஞ்சள், ஒருவர் கபிலம். ஆனால் மூன்று அடி தள்ளி நின்று பார்த்தால் எல்லாரும் ஒரே குடும்பம். ஏதோ ஒன்று அவர்களைச் சேர்த்துப் பிடித்திருந்தது.

“அப்பா, மேலை ஒரு பொருபொருப்பு இருக்கு. கன்வஸ் இல்லை இது. என்னத்தைப் போட்டனீங்கள்?”

பதினொரு வருட இரகசியம் அப்போதுதான் வெளியே வந்தது. சில்வெஸ்டர் குரலைத் தாழ்த்தினார், மண்டபத்தில் வேறு யாரும் இல்லாவிட்டாலும்.

“சுவர்.”

“என்ன சுவர்?”

“எங்கடை பழைய வீட்டுச் சுவர். ரௌபாசர் பேப்பர் ஒட்டின சுவர். பின்னேரம் பல்கனிப் பக்கத்தாலை சாய்வாய் வெயில் விழேக்கை படம் எடுத்து, எல்லாற்றை முகத்துக்கு மேலையும் மெல்லிசாப் போட்டு விட்டனான்.”

மரத்தூள் கலந்த அந்தச் சுவர்த்தாள் ஜெர்மனியில் வாடகை வீட்டில் இருந்த எல்லாருக்கும் தெரியும். நூறு வருட ஓவியம் என்று மதகுருமாரே வியந்த அந்தப் பழமை, வாடகை வீட்டு வரவேற்பறையின் மலிவான சுவர்த்தாள். லவினியா சிரித்தார். தாயின் இறப்புக்குப் பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல்தடவை என்று பிறகு சொன்னார்.

அந்தச் சுவரின் படமும் ஹார்ட் டிஸ்கில்தான் இருந்தது. பழைய வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். புதுச் சொந்தக்காரர் தாளை உரித்து, சுவரை வழவழப்பாகப் பூசியிருந்தார். “அழகாயிருக்கிறதல்லவா?” என்று கேட்டார். ஆமென்று சொல்லிவிட்டு வந்தார்கள். இப்போதைய வீட்டின் ஒடுங்கிய நடைபாதையில் ரௌபாசர் இருக்கிறது. ஆனால் அது பெரிய பொருக்கு ரகம். படம் எடுத்து முகத்தில் போட்டபோது, சில்வெஸ்டர் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

“அம்மாவுக்குக் கொப்புளிப்பான் வந்த மாதிரி இருக்கு” என்றார் அங்கிருந்து.

கடையில் ஐந்து ரகத் தாள் துண்டுகள் வாங்கிவந்து சாய்வெளிச்சத்தில் எடுத்தார் லவினியா. பரிசோதனை பதினெட்டு, இருபத்தாறு, முப்பத்தொன்று. ஒவ்வொன்றையும் அச்சடித்து மண்டபத்துக்குக் கொண்டுபோய்ச் சுவரில் பிடித்துப் பார்த்தார்கள். முப்பத்தெட்டாவது கிட்ட வந்தது. சில்வெஸ்டர் மூன்று அடி பின்னால் போய் நின்று பார்த்தார்.

“அவவின்ரை முகம்தான். ஆனா இந்தச் சுவரின்ரை ஆள் இல்லை.”

ஜெனிஸ்டன் அப்போதுதான் வேறு யோசனை சொன்னார். அவர் சபையின் செயலாளர், நாற்பது வயது, எதையும் முடித்துவிட விரும்புகிறவர்.

“சில்வெஸ்டர் அண்ணை, ஒண்டு பன்னிரண்டோடை ஒத்துவராட்டி, பன்னிரண்டையும் இந்த ஒண்டோடை ஒத்துவரச் செய்தால் என்ன? பதின்மூண்டையும் புதுசாச் செய்வம்.”

நல்ல யோசனை. முப்பத்தெட்டாம் பரிசோதனையின் எல்லா எண்களும் லவினியாவிடம் இருந்தன. மற்றவர்களின் மூலப்படங்கள் மட்டும்தான் தேவை. ஏற்கனவே ஓவியமாக்கிய முகத்தை மறுபடி ஓவியமாக்க முடியுமா என்று ஒன்றைச் செய்தும் பார்த்தார். தூரிகைக் கோட்டுக்கு மேல் தூரிகைக் கோடு விழுந்து, தேநீர் ஊற்றியவர் களிமண்ணானார்.

ஆகவே வீடு வீடாகப் போனார்கள். முதலில் லூர்தம்மா வீடு. பஸ் ஒழுங்கு செய்த அந்தோனிமுத்துவின் மனைவி, எழுபத்தேழு வயது.

“அக்கா, அண்ணையின்ரை அந்தப் பழைய படம் இருக்கோ? நீங்கள் எனக்குக் கொண்டுவந்து தந்தது?”

“அது அவரோடை போட்டுது.”

“எங்கை?”

“பெட்டிக்குள்ளை. கையிலை செபமாலை, நெஞ்சிலை படம். நீர்தானே சொன்னீர், ஸ்கான் எடுத்தாச்சு அக்கா, இனி என்னட்டை பத்திரமாய் இருக்கு எண்டு.”

“ஓம்.”

“பத்திரமாய்த்தானே இருக்கு?”

சில்வெஸ்டர் தேநீரைக் குடித்தார். பிறகு, அவர் முன்னாலேயே ஸ்கானை அழித்ததை நினைவுபடுத்தினார். லூர்தம்மாவுக்கு அது நன்றாக நினைவிருந்தது. அதையும் இதையும் அவர் ஒருபோதும் சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். சில்வெஸ்டரும் பார்க்கவில்லை. முதலில் பத்திரம் என்று வாக்கு, பிறகு மரியாதைக்கு அழிப்பு. இரண்டையும் ஒரே மனிதரிடம் ஒரே மனதோடு சொல்லியிருந்தார்.

“அப்ப மனிசன்ரை முகம் இப்ப அந்தச் சுவரிலை மட்டும்தானோ?” என்று லூர்தம்மா கேட்டார்.

பன்னிரண்டு வீடுகளில் நான்கு படங்கள் கிடைத்தன. இரண்டு குடும்பங்கள் சவப்பெட்டிக்குள் வைத்து அனுப்பியிருந்தன. ஒன்று கனடாவுக்குப் போய் விலாசம் தெரியாமல் போனது. மற்றவர்கள், அண்ணையிடம் இருக்கிறதுதானே என்று கைபேசி மாற்றும்போது விட்டுவிட்டார்கள்.

ஒக்டோபர் நடுப்பகுதியில் ஜெனிஸ்டன், டோர்ட்முண்ட் சஞ்சயனிடமிருந்து மாதிரிகளோடு வந்தார். மண்டபத்துக் கன்வஸ்களைக் கைபேசியில் எடுத்து, செயற்கை நுண்ணறிவுக்குக் கொடுத்து, அரை நாளில் பன்னிரண்டு பேரையும் சஞ்சயன் புதிதாக்கியிருந்தார். கிறிஸ்ரினாவையும் சேர்த்துப் பதின்மூன்று பேர், ஒரே வெளிச்சம், ஒரே நிறம், ஒரே தோற்றம். சில்வெஸ்டர் இரண்டரை மாதமாகத் தேடிய ஒற்றுமை கடைசியில் வந்து மேசையில் கிடந்தது.

எல்லாருக்கும் பல் நன்றாக இருந்தது. யோசவ் மாஸ்டருக்கு முன்வாய்ப் பல் இரண்டு இல்லாதது எல்லாருக்கும் தெரியும். கிறிஸ்ரினாவின் சுருங்கிய கண் விரிந்து, கெவலார் வெயில் இல்லாமல், யாரோ ஒரு வங்கி முகாமையாளரைப் போல நேரே பார்த்தது.

லூர்தம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தன் கணவரைப் பார்த்தார்.

“இது ஆர்? நல்ல வடிவான மனிசன்.”

“அக்கா, இது அந்தோனிமுத்து அண்ணை” என்றார் ஜெனிஸ்டன்.

“போடா தம்பி, விசர்க் கதை கதையாதை.”

அதோடு அது முடிந்தது. சஞ்சயன் கோபிக்கவில்லை. மூலம் கொடுத்திருந்தால் சரியாக வந்திருக்கும் என்று மட்டும் சொன்னாராம். தொழில் தெரிந்தவர்கள் ஒருவரையொருவர் குத்தக்கூடிய மிகக் கூரான வசனம் அது.

நவம்பர் இரண்டாம் தேதி பூசைக்குப் பிறகு முப்பத்தெட்டாம் பரிசோதனையைச் சுவரில், வரிசையின் கடைசியில் மாட்டினார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு தள்ளி நின்று பார்த்தார்கள். பன்னிரண்டு பழைய ஆத்துமாக்கள் ஒன்றாகக் கூடியிருக்க, பக்கத்தில் தெளிவான முகத்தோடு ஒரு பெண், விருந்தாளி மாதிரி. புதிதாக வந்திருந்த ஜெர்மன் குருவானவர் அன்போடு கேட்டார், இந்த அம்மா உயிரோடு இருக்கிறாரா, மண்டபத்துக்கு நன்கொடை கொடுத்தவரா என்று.

அடுத்த கிழமை ஜெனிஸ்டன் தொலைபேசியில் கதைத்தார். வரிசை வடிவாக இல்லை என்று சிலர் சொல்கிறார்களாம். யார் சிலர் என்று சில்வெஸ்டர் கேட்கவில்லை.

“எதிர்ச் சுவரிலை தனியாப் போடுவம் அண்ணை. தனி இடம் எண்டால் அது ஒரு மரியாதையும்தானே.”

“எதிர்ச் சுவரிலை அவசர வாசல் இருக்கு.”

“அதுக்குப் பக்கத்திலை.”

“வாசலுக்கு மேலை எரியிற அந்தப் பச்சை வெளிச்சம் முகத்திலை விழும்.”

“சின்னனாய்த்தான் விழும் அண்ணை.”

“சரி” என்றார் சில்வெஸ்டர்.

இப்போது கிறிஸ்ரினா அங்கேதான் இருக்கிறார். இருபத்திரண்டு வருடம் கடைசியாக வெளியே போனவருக்கு வாசலோரம் கிடைத்ததில் யாரும் தவறு காணவில்லை. சில்வெஸ்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் நீளச் சுவருக்கு முதுகு காட்டி உட்காருகிறார். புதுப் படங்களைச் செய்வதில்லை. கேட்பவர்களை டோர்ட்முண்டுக்கு அனுப்புகிறார்.

டிசம்பரில் ஒருநாள் லவினியா வீட்டுக்கு வந்தபோது, பச்சை வெளிச்சத்துக்கு ஏற்றமாதிரி முகத்தைக் கொஞ்சம் சிவப்பாக்கித் திரும்ப அச்சடிக்க முடியுமா என்று சில்வெஸ்டர் கேட்டார்.

“அஞ்சு நிமிசம் அப்பா. மூலம் இருக்கு, லேயர் இருக்கு, நம்பர் இருக்கு. நூறு தரமும் மாத்தலாம். பத்து வருசம் கழிச்சும் மாத்தலாம்.”

“எல்லாம் ஒழுங்காய் இருக்கு.”

“ஓம்.”

“அவவுக்கு மட்டும்.”

லவினியா வேலைக்கோப்பைத் திறந்து, நிற லேயரில் சிவப்பை நாலு கூட்டி, எழுத்துக்கோப்பில் பரிசோதனை நாற்பத்திரண்டு என்று எழுதினார்.